பழைய பள்ளிக்கு பேட்ச் சார்பில் ஒரு பரிசு: எதைக் கொடுப்பது, பணத்தை எப்படிச் சேர்ப்பது

படிப்பை முடித்து 25 வருஷம் ஆகிறது. எல்லோரும் கூடும்போது பள்ளிக்கு உருப்படியாக ஏதாவது செய்யணும். எங்கே ஆரம்பிக்க?

குழுவில் யோசனை கேட்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். விழா நாளிலோ விடுமுறையிலோ போனால் ஒன்றும் தெரியாது. சாதாரண வேலை நாளில், முதல் மணி அடிக்கும் முன்பே மூன்று பேர் போய், மதிய இடைவேளை முடியும்வரை இருக்க வேண்டும். பிள்ளைகள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள், எந்த அறை பூட்டியே கிடக்கிறது, எதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

தலைமை ஆசிரியரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பெரிய பொருள் ஒன்றைத்தான் சொல்வார். கொடுக்க வருபவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு அனுபவம் சொல்லியிருக்கும். "போன வாரம் எது தொல்லை கொடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியைத் துப்புரவுப் பணியாளரிடமும், கடைசி வகுப்பு ஆசிரியரிடமும், மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் சொன்னதையே இன்னொருவரும் தானாகச் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம்.

கிளம்பும் முன் பொருள் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முன்னால் வந்த பேட்ச்கள் கொடுத்தவற்றில் எது தூசியோடு கிடக்கிறது, ஏன் நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பட்டியலில் பத்துப் பொருள் வந்துவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது?

ஒவ்வொரு பொருளையும் மூன்று கேள்விகளால் சலியுங்கள். சாதாரண நாளில் அதை எத்தனை பேர் தொடுவார்கள்? அது பழுதானால் முதலில் யாருக்குத் தெரியும், அவர் யாரிடம் சொல்வார்? அடுத்த ஐந்து வருஷமும் அதற்கு ஆகும் செலவு எவ்வளவு, கொடுப்பது யார்?

பெரும்பாலான பரிசுகள் மூன்றாவது கேள்வியில்தான் விழும். வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம். பள்ளியின் வரவுசெலவிலோ உதிரிபாகத்துக்கென்று தனியாக ஒன்றும் இருக்காது. பெஞ்சுக்கும் அலமாரிக்கும் பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் பணம் குறைவாக இருக்கும் பேட்ச்சுக்கு அவையே சரி. திரையும் கணினியும் கொடுத்தால் அவற்றை இயக்கப் பழகிய ஆசிரியர் மாற்றலாகிப் போன அன்றே அறையும் பூட்டப்பட்டுவிடும். புத்தகம் கொடுப்பதானால் நூலகத்தைத் தினமும் எத்தனை மணிக்கு யார் திறப்பார் என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

குடிநீர் தினமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆகவே முதல் கேள்வியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும் அதுதான் அதிகம் தோற்கிறது. கீழே அதையே எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்லியிருக்கிறோம். கணக்குப் போடும் முறை மற்றப் பொருள்களுக்கும் உதவும்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று வாங்கி மாட்டினால் போதாதா?

வீட்டு அளவு மெஷினை 600 பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப்பட்ட ஒன்று மணிக்கு 15 லிட்டர் வடிக்கிறது, உள்ளே 10 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிட இடைவேளையில் அதிலிருந்து 15 லிட்டர் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு அரை லிட்டர் என்றால் 30 பேருக்குத்தான் வரும். மீதிப் பேர் பழைய குழாய்க்கே திரும்பிப் போவார்கள். இரண்டு வாரத்தில் மெஷினை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இடைவேளையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 600 பேரில் பாதிப்பேர், அதாவது 300 பேர், ஒரே இடைவேளையில் வருகிறார்கள் என்போம். நிமிடத்துக்கு 4 லிட்டர் விழும் குழாயில் அரை லிட்டர் பிடிக்க 7 அல்லது 8 வினாடி ஆகும். ஒருவர் நகர்ந்து அடுத்தவர் வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஆளுக்கு 20 வினாடி. 20 நிமிடம் என்பது 1,200 வினாடி, ஆக ஒரு குழாய்க்கு 60 பேர். 300 பேருக்கு 5 குழாய் வேண்டும். ஒன்று எப்போதும் பழுதாக இருக்கும் என்று வைத்து 6 போடுங்கள்.

அந்த 20 நிமிடத்தில் செலவாகும் தண்ணீர் 150 லிட்டர். இதை அந்த நேரத்துக்குள்ளேயே வடிக்கும் மெஷினைத் தேடினால் விலை எகிறிவிடும், தேவையும் இல்லை. வடித்த நீரைச் சேர்த்து வைக்கத் தொட்டி இருந்தால் போதும். நாள் முழுக்க ஆளுக்கு ஒரு லிட்டர் என்று 600 லிட்டர். மணிக்கு 100 லிட்டர் வடிக்கும் மெஷினும் 300 லிட்டர் தொட்டியும் இதைத் தாங்கும். காலையில் தொட்டி நிரம்பி இருக்கும். முதல் இடைவேளையில் 150 லிட்டர் போனாலும் மதியத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். மதியம் 300 லிட்டர் போனால்கூட அந்த ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர் உள்ளே வருவதால் தொட்டி காலியாகாது.

உங்கள் பள்ளியில் இடைவேளை 10 நிமிடம்தான் என்றால் இதே 300 பேருக்குக் குழாய் இரட்டிப்பாகும். அந்த இடத்தில் பள்ளியிடம் பேசி, சின்ன வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக விடச் சொல்வது பணம் செலவில்லாத தீர்வு.

ஆர்.ஓ.வா, யூ.வி.யா? கடைக்காரர் ஆர்.ஓ.தான் நல்லது என்கிறார்.

ஆர்.ஓ. தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும், யூ.வி. புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் எது வேண்டும் என்று சொல்ல முடியாது. பள்ளிக் குழாயிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பகுதி, ஆனால் மற்ற எல்லா முடிவும் இதன் மேல்தான் நிற்கிறது. கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியை ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முடிவைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. கரைந்திருக்கும் மொத்த உப்பை டி.டி.எஸ். என்கிறார்கள். அது 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை பொதுவாக நன்றாகவே இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காது.

உப்பு குறைவாக இருந்து கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் மண்ணையும் தூசியையும் தடுக்கும் மண்வடி, குளோரினையும் வாடையையும் எடுக்கும் கரிவடி, யூ.வி. விளக்கு மூன்றும் போதும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது மிஞ்சினாலோ உப்பு அதிகமாக இருந்தாலோ அவற்றை யூ.வி. தொடவே தொடாது. அங்கே ஆர்.ஓ. வேண்டும். ஆனால் ஆர்.ஓ. உள்ளே போகும் நீரில் பாதியையோ அதற்கு மேலோ கழிவாக வெளியே தள்ளும். 600 லிட்டர் நல்ல நீருக்கு 1,200 லிட்டருக்குக் குறையாமல் வரத்து வேண்டும். வறண்ட மாதங்களில் பள்ளிக்கு அவ்வளவு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் தண்ணீர் மிகத் தேவைப்படும் மாதத்தில்தான் மெஷின் நிற்கும். கழிவு நீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போட்டால் பாதி நஷ்டம் மீளும்.

கடைக்காரர் சின்னக் கருவி ஒன்றைத் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டுவார். அது உப்பை மட்டும் அளக்கும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

மாட்டி முடித்ததும் முதல் வருஷம் நன்றாக ஓடுகிறது, பிறகு படுத்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போயிருக்காது; மாற்ற வேண்டியதை மாற்றியிருக்க மாட்டார்கள். யூ.வி. விளக்கு இதற்குச் சரியான உதாரணம். சுமார் 9,000 மணி நேரம், அதாவது விடாமல் எரிந்தால் ஒரு வருஷம் ஆனதும், கிருமியைக் கொல்லும் அதன் சக்தி குறைந்துவிடும். நீல வெளிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எரிகிறதே என்று விட்டுவிடுவார்கள். ஆகவே தேதி பார்த்து மாற்ற வேண்டும், வெளிச்சம் பார்த்து மாற்றக் கூடாது. விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழாயில் உப்புப் படிந்தாலும் இதே கதைதான். அதைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

மற்றப் பாகங்கள் தம் நிலையைச் சொல்லிவிடும். குழாயில் வரத்து மெலிந்தால் மண்வடி அடைத்துக்கொண்டிருக்கிறது. குளோரின் வாடை திரும்ப வந்தால் கரிவடி தீர்ந்துவிட்டது. வடித்த நீரில் டி.டி.எஸ். மாதாமாதம் ஏறினால் ஆர்.ஓ. சவ்வு போய்க்கொண்டிருக்கிறது. இந்த மூன்று வரியைப் பெரிய எழுத்தில் மெஷின் பக்கத்தில் ஒட்டினால் பள்ளியில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

யூ.வி. விளக்கை எங்கே பொருத்துவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கரிவடி குளோரினை எடுத்துவிடும், அதனால் தொட்டியில் நிற்கும் நீருக்குப் பாதுகாப்பு கிடையாது. தொட்டிக்கு முன்னால் விளக்கை வைத்தால் தொட்டிக்குள் மறுபடி கிருமி வளரும். தொட்டிக்குப் பின்னால், குழாய்களுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். அப்போது 6 குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் நிமிடத்துக்கு 24 லிட்டர் அதன் வழியே பாயும். விளக்கு அந்த ஓட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெஷின் மணிக்கு 100 லிட்டர்தானே என்று சின்ன விளக்கைப் பொருத்தினால் தண்ணீர் வெளிச்சம் படும் முன்பே ஓடிவிடும். மின்சாரம் நின்றால் தண்ணீரையும் நிறுத்தும் வால்வு ஒன்றும் வேண்டும், இல்லையென்றால் சுத்திகரிக்காத நீரே வெளியே வரும்.

நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் தொட்டியை வடித்துக் கழுவ வேண்டும். தொட்டியின் அடியில் வடிகால் வால்வு இல்லாவிட்டால் இதை யாரும் செய்ய மாட்டார்கள். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

பொருள் அறையில் பழைய பேட்ச்கள் கொடுத்த மூன்று மெஷின் செத்துக் கிடக்கிறது. நாங்கள் நாலாவது கொடுப்பதா?

முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வடிகளும் விளக்கும் பம்பும் மாற்றினால் ஒன்றோ இரண்டோ எழுந்துவிடும் என்றால், அதைச் செய்து, அடுத்த சில வருஷத்துப் பராமரிப்பை ஏற்பதே சிறந்த பரிசு. உங்கள் பேட்ச் பெயரில் புதுப்பொருள் இருக்காது என்பதால் குழுவில் முணுமுணுப்பு வரும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும். எங்களைக் கேட்டால் இரண்டாவதுக்காக முதலாவதைத் தாங்கிக்கொள்ளலாம் என்போம்.

சேர்ந்த பணத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தத்தையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். கையில் இருப்பதை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 6 குழாய் ஏற்பாட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம். மெஷின், தொட்டி, குழாய்கள் எல்லாம் சேர்த்து 52. மேடை, கழிவுநீர்க் கால்வாய், மின் இணைப்பு 13. முன்னும் பின்னும் தண்ணீர்ப் பரிசோதனைக்கு 2. எதிர்பாராதது 5. மீதி 28 பராமரிப்புக்கு. வருஷத்துக்கு 7 என்று நாலு வருஷம் வரும். முதல் வருஷம் உத்தரவாதத்தில் ஓடினால் ஐந்து வருஷம்கூட இழுக்கும்.

இந்த எண்கள் உங்கள் விலைப்பட்டியலைப் பொறுத்து மாறும், ஆனால் பராமரிப்பு கால்பங்குக்குக் கீழே போகும்போது நின்று யோசியுங்கள். பணம் பற்றாவிட்டால் 6 குழாய்க்குப் பதில் 4 போடுங்கள், பராமரிப்பில் கை வைக்காதீர்கள். மேடையையும் கால்வாயையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய்க்கடியில் தண்ணீர் தேங்கிச் சேறாகி, ஒரு பிள்ளை வழுக்கி விழுந்ததும் பள்ளியே அதைப் பூட்டிவிடும்.

பராமரிப்புப் பணத்தை நிறுவனத்துக்கு ஐந்து வருஷத்துக்கும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டாம். நிறுவனம் மூடிப்போனால் பணமும் போய்விடும். வருஷா வருஷம் வேலை முடிந்த பிறகு கொடுங்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டால் சண்டை இருக்காது இல்லையா?

சண்டை இருக்காது, சில பேரும் இருக்க மாட்டார்கள். ஒருவருக்கு அரைநாள் சம்பளமாக இருக்கும் தொகை இன்னொருவருக்கு மாதச் செலவாக இருக்கும். அவர் "முடியாது" என்று சொல்ல மாட்டார், சந்திப்புக்கே வராமல் இருந்துவிடுவார். நம்மைப் பார்க்க வரவேண்டியவர் பணத்தால் வராமல் போவதைவிட மோசமான விளைவு இந்த ஏற்பாட்டில் கிடையாது.

சந்திப்புச் செலவையும் பரிசுப் பணத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். சந்திப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று குறைந்த தொகை இருக்கலாம், அதையும் கட்ட முடியாதவருக்குச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்ய வழி இருக்கட்டும். பரிசுக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்றும் வைக்காதீர்கள். "உங்களால் முடிந்ததை, முடிந்தால்" என்று எழுதி, தொகையைக் கணக்காளர் ஒருவரிடம் மட்டும் தனிச்செய்தியில் சொல்லச் சொல்லுங்கள். குழுவில் போடவே கூடாது.

"எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும்?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். அவர்களுக்கு ஓர் அளவுகோல் தரலாம்: ஒருநாள் வருமானம். பணக்காரருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் தானாகவே அமையும், யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நண்பர் தான் கொடுத்த தொகையை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். உடனே எல்லோரும் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றைக்கே நிறுத்துங்கள். கணக்காளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நன்றி சொல்லி, செய்தியை எடுத்துவிடக் கேட்க வேண்டும். குழுவில் வைத்துக் கண்டித்தால் கொடுத்தவர் மனம் கோணும். பிறகு வாரம் ஒருமுறை குழுவில் மூன்று எண்களை மட்டும் போடுங்கள்: எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வேண்டும். பெயர்ப் பட்டியலும் வேண்டாம். பட்டியலில் இல்லாதவர் யார் என்று பார்க்கத்தான் அது பயன்படும்.

வசதியான ஒருவர் "மொத்தத்தையும் நானே தருகிறேன், எதுக்கு இத்தனை அலைச்சல்?" என்கிறார்.

அன்போடு மறுத்துவிடுங்கள். முழுதும் அவர் கொடுத்தால் அது அவருடைய பரிசு. எந்த மெஷின், எங்கே வைப்பது, யார் திறந்து வைப்பது என்று எல்லாவற்றிலும் அவர் சொல்வதே நடக்கும். மூன்றாம் வருஷம் விளக்கு மாற்றவும் அவரைத்தான் தேட வேண்டியிருக்கும். ஒருவர் கொடுப்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால் அவர் தன்னைக் குறிவைத்ததாக நினைக்க மாட்டார். மீதி தரவேண்டும் என்று விரும்பினால் ஐந்து வருஷம் கழித்து வரும் பராமரிப்புக்காகத் தனியாக வாங்கி வையுங்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது.

தருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் தரவில்லை. எப்படிக் கேட்பது?

சொன்னதை வைத்துப் பொருள் வாங்காமல் இருந்தால் இந்தச் சிக்கலின் கூர்மை போய்விடும். 92 பேர் படித்த பேட்ச்சில் 71 பேரின் தொடர்பு கிடைத்து, 54 பேர் தொகை சொன்னார்கள், அதன் கூட்டல் 125 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஐந்தில் நாலு பங்கை, அதாவது 100ஐ மட்டும் நம்பித் திட்டம் போடுங்கள். அதிலும் உள்ளே வந்த பணத்துக்கு மேல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

நினைவூட்டல் இரண்டு முறை போதும். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன் ஒன்று, தேதியன்று ஒன்று, இரண்டும் தனிச்செய்தியாக. இரண்டாவதில் "சூழ்நிலை மாறியிருந்தால் பரவாயில்லை, சொன்னால் போதும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அதற்கு மேல் கேட்பது கடன் வசூல் ஆகிவிடும்.

எங்கள் பேட்ச்சிலேயே ஒருவர் இந்த மெஷின்தான் விற்கிறார். அவரிடமே வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அவர் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. வேறு இரண்டு இடத்திலும் விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்: மணிக்கு எத்தனை லிட்டர், தொட்டி அளவு, குழாய் எண்ணிக்கை, விளக்கின் ஓட்ட அளவு, ஐந்து வருஷ உதிரிபாக விலை. இந்தக் கடைசி வரியைக் கேட்காவிட்டால் மெஷின் மலிவாகவும் வடிகள் விலை உயர்ந்ததாகவும் வந்து விழும். நண்பர் "லாபம் இல்லாமல் தருகிறேன்" என்றாலும் பழுதானால் அவரிடம் கறாராகப் பேச முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணத்தை யார் கையில் வைப்பது?

யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காமல், இரண்டு பேர் கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். கணக்காளருக்குத் தொகைகள் தெரியும், ஆனால் தனியாக எடுக்க முடியாது. ஏற்பாட்டுக் குழுவில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வங்கி அறிக்கையையும் ரசீதுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும். ரசீது எல்லாம் பார்வைக்குத் திறந்திருக்கலாம், கொடுத்தவர் தொகை மட்டும் மூடியிருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் வங்கிக் கட்டணம் போக வந்ததைத்தான் வரவு வைக்க வேண்டும். அனுப்பிய தொகையை எழுதினால் கணக்கு இடிக்கும்.

பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள். இடம், மின்சாரம், தண்ணீர், தினசரி சுத்தம் பள்ளியுடையது; உதிரிபாகம் இத்தனை வருஷம் வரை பேட்ச்சுடையது; பழுதானால் சொல்லவேண்டியவர் இன்ன பொறுப்பில் இருப்பவர். தலைமை ஆசிரியரின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஆள் மாறினாலும் தாள் நிற்கும்.

ஒரு கல்வெட்டாவது வைக்கணும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

ஆசை நியாயமானது, நாம் இங்கே படித்தோம் என்று ஒரு தடம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் கொடுத்தவர்கள் பெயரைப் பொறித்தால் கொடுக்காதவர்கள் யார் என்பதையும் பொறித்ததாகிவிடும். பேட்ச் வருஷத்தை மட்டும் போட்டு, உள்ளங்கை அளவில் ஒரு தகடு வையுங்கள். மறைந்த நண்பர்களை நினைவுகூர விரும்பினால் "எங்களோடு படித்து இன்று இல்லாதவர்கள் நினைவாக" என்ற ஒரு வரி போதும்.

தகட்டின் மீதிப் பரப்பை மெஷினுக்கே கொடுத்துவிடுங்கள். மாட்டிய தேதி, விளக்கு அடுத்து மாற்ற வேண்டிய தேதி, தொட்டி கழுவிய தேதி, பழுதானால் கூப்பிட வேண்டிய எண். தேதிகளை அழித்து எழுதும்படி இருக்க வேண்டும், பேனா அங்கேயே நூலில் தொங்கட்டும். வருஷத்தில் ஒருமுறை உங்களில் யாராவது அந்தப் பக்கம் போகும்போது தகட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால், தேதி மாறியிருக்கிறதா இல்லையா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்து கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது. திருப்பித் தருவதா?

பராமரிப்போடு சேர்த்துவிடுங்கள். இதை முதல் அறிவிப்பிலேயே சொல்லியிருந்தால் யாரையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்: மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த பேட்ச் ஒன்றிடம் பராமரிப்பை ஒப்படைப்பது, ஓடவில்லையென்றால் கணக்கில் மீதமுள்ளதைப் பள்ளியின் தண்ணீர்ச் செலவுக்கே கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுவது. அடுத்த வருஷம் சந்திப்பு நடத்தப்போகும் பேட்ச்சை உங்கள் சந்திப்பின்போதே கண்டுபிடித்து, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, விலைப்பட்டியல், பள்ளியோடு செய்த ஒப்புதல் மூன்றின் நகலையும் கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் ஐந்தாவது மெஷின் வாங்க மாட்டார்கள்.